நான்காம் எண்ணுக்குப் போன இரண்டரை யூரோ: ஒரு விடுதி லாண்டரி அறையின் நிகழ்வு ஆய்வு

ஜெர்மனியின் ரூர் பகுதியில் ஒரு மாணவர் விடுதி. அதில் புதிதாக வருபவர்களுக்கு வீட்டு விஷயங்களைச் சொல்லிக்கொடுக்கும் மாணவ வழிகாட்டியாக நான் இருக்கிறேன். விடுதியில் எனக்கு வரும் கேள்விகளில் லாண்டரி அறைக்குத்தான் முதலிடம். காசு போய்விட்டது, மெஷின் ஓடவில்லை என்பதுதான் பெரும்பாலும் புகார். அப்படி ஒரு புகாரை, நள்ளிரவில், என்னைக் கூப்பிடாமலேயே இரண்டு பெண்கள் கண்டுபிடித்துத் தீர்த்துக்கொண்டார்கள். அவர்கள் சொன்னதைக் கேட்டு, மறுநாள் அறையைப் போய்ப் பார்த்து, இருவரின் சம்மதத்தோடும் பெயரில்லாமல் இதை எழுதுகிறேன்.

ஒருத்தி திருச்சிக்குப் பக்கத்திலிருந்து முதுகலை படிக்க வந்தவள். வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. மற்றவர் அவளோடு ஒரே சமையலறையைப் பகிர்ந்துகொள்பவர். யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு இங்கேயே பிறந்து வளர்ந்தவர், மின்பொறியியல் படிக்கிறார். சின்னவள் அவரை அக்கா என்பாள். அவரும் அவளைத் தங்கச்சி என்றே கூப்பிடுவார்.

அறையும் பேனலும்

லாண்டரி அறை பிரதானக் கட்டடத்தில் இல்லை. முற்றத்தைத் தாண்டி, சைக்கிள் கொட்டகைக்குப் பக்கத்தில் தனியாக இருக்கிறது. ஜெர்மனியில் பொதுவாக இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை சத்தம் போடக் கூடாது. அதனால் பல விடுதிகளில் லாண்டரி அறையை இரவில் பூட்டிவிடுவார்கள். இங்கே அறை தள்ளி இருப்பதால் இரவு முழுவதும் திறந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை பகலில் எல்லா மெஷினும் ஓடிக்கொண்டிருக்கும். நள்ளிரவில் போனால் இடம் கிடைக்கும் என்று அங்கே இருக்கும் எல்லோருக்கும் தெரியும்.

உள்ளே எட்டு மெஷின்கள். 1 முதல் 5 வரை துவைப்பவை, 6 முதல் 8 வரை டிரையர். காசு வாங்கும் பெட்டி எந்த மெஷினிலும் கிடையாது. கதவை ஒட்டி, நெஞ்சு உயரத்தில், சுவரில் ஒரு சாம்பல் நிறப் பேனல் இருக்கிறது. அதில் கார்டு நுழைக்கும் வாய், எண் பலகை, இரண்டு வரி காட்டும் சிறு திரை, அவ்வளவுதான். மாணவர் அட்டையை நுழைத்து, மெஷினின் எண்ணை அழுத்தி, திரை `Karte entnehmen` என்று சொல்லும்வரை காத்திருந்து எடுக்க வேண்டும். துவைக்க 2.50 யூரோ. அந்தக் காசை அட்டையில் முன்கூட்டியே ஏற்றி வைத்திருக்க வேண்டும். ஏற்றும் இயந்திரம் இருப்பது மென்சா எனப்படும் பல்கலைக்கழக உணவகத்தில். ராத்திரியில் மென்சா பூட்டியிருக்கும். ஆகவே பன்னிரண்டு மணிக்கு அட்டையில் எவ்வளவு இருக்கிறதோ அதற்குமேல் ஒரு காசும் கிடைக்க வழியில்லை.

எட்டு மெஷினுக்கும் ஒரே பேனல் வைப்பதற்குக் காரணம் உண்டு. மெஷினுக்கு ஒரு நாணயப் பெட்டி வைத்தால், ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் திறந்து காசை அள்ள வேண்டும். உடைத்துத் திருடவும் எட்டு இடம் இருக்கும். ஒரே பேனல் என்றால் கார்டு படிக்கும் கருவி ஒன்று போதும், பழுது பார்ப்பதும் ஓரிடத்தில். விடுதிக்கு இது லாபம். துவைக்க வருபவருக்கு இதில் ஒரு இழப்பு இருக்கிறது. நாணயம் போட்ட மெஷினே ஓடிய காலத்தில் காசு எங்கே போனது என்ற கேள்வியே எழாது. பேனல் வந்தபின் காசு போகும் இடம் ஒன்று, வேலை நடக்கும் இடம் வேறு. இரண்டுக்கும் நடுவே சுவருக்குள் ஓடும் கம்பிகள் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை.

இரவு 11.52

சின்னவளுக்கு மறுநாள் காலை ஒரு பேக்கரியில் பகுதிநேர வேலையின் முதல் நாள். கடை கொடுத்த இரண்டு சீருடைச் சட்டைகளையும் துவைத்துப் போட்டுக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். சட்டைகளோடு குர்த்தி, துண்டு, இரண்டு ஜீன்ஸ் என்று சேர்ந்திருந்ததையெல்லாம் ஒரே கூடையில் எடுத்துக்கொண்டு கீழே போனாள். அட்டையில் 3.40 யூரோ இருந்தது.

4 என்று ஸ்டிக்கர் ஒட்டிய மெஷின் காலியாக இருந்தது. துணியைப் போட்டாள், சோப்புத்தூள் போட்டாள், கதவைச் சாத்தினாள். பேனலுக்குப் போய் அட்டையை நுழைத்து 4 அழுத்தினாள். திரையில் மீதி 0.90 என்று வந்தது. அட்டையை எடுத்தாள். மணி 11.52. நேரம் அவளுக்குச் சரியாகத் தெரியக் காரணம், அந்த நிமிஷத்தில் அம்மாவுக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தாள்.

மெஷின் இருட்டாகவே இருந்தது. ஒரு விளக்கும் எரியவில்லை. குமிழைத் திருப்பினாள், ஸ்டார்ட் அழுத்தினாள், கதவைத் திறந்து மறுபடி சாத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அட்டையை நுழைத்து 4 அழுத்தினால் திரை `belegt` என்றது, அதாவது அந்த எண் ஓட்டத்தில் இருக்கிறது. சரி, வேறொரு மெஷினில் போடலாம் என்று 3 அழுத்தினாள். `Guthaben nicht ausreichend` என்று வந்தது. காசு போதவில்லை.

அந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் துணியை எடுத்துக்கொண்டு மேலே போய்விடுவார்கள். இவள் துணியை அங்கேயே விட்டுவிட்டுச் சமையலறைக்கு ஓடினாள். அக்கா தேத்தண்ணி குடித்தபடி ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா, தூங்கப் போறீங்களா? கார்டுல காசு போயிடுச்சு, மெஷின் ஓடவே மாட்டேங்குது."

"எத்தினை மணிக்குக் காசு போட்டனீர்?"

"இப்பதான். பத்து நிமிஷம் இருக்கும். ஏன்க்கா?"

"நேரம் ஓடுது. வாரும், கீழ போவம்."

அந்த முதல் கேள்வியைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். எந்த நம்பர் அழுத்தினாய், கதவைச் சாத்தினாயா என்று அவர் கேட்கவில்லை. எப்போது போட்டாய் என்று கேட்டார். இந்த அறையில் அந்த இரண்டரை யூரோவுக்கு என்ன கிடைக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

காசுக்குக் கிடைப்பது என்ன

இந்தப் பேனல் ஒரு முறை துவைப்பதை விற்பதில்லை. 90 நிமிஷ மின்சாரத்தை விற்கிறது. மெஷின்களுக்குப் பின்னால் சுவரில் ஆளுக்கொரு சாக்கெட் இருக்கிறது. சாதாரண நேரத்தில் அவற்றில் கரண்ட் இருக்காது. 4 என்று அழுத்தினால், நான்காம் சாக்கெட்டுக்கான ரிலே, அதாவது பேனல் இயக்கும் ஸ்விட்ச், மூடிக் கரண்டை இணைக்கிறது. அந்தச் சாக்கெட்டில் மட்டும் 90 நிமிஷம் கரண்ட் வரும். அதில் என்ன சொருகியிருக்கிறது, அது ஓடுகிறதா, உள்ளே துணி இருக்கிறதா என்றெல்லாம் பேனலுக்குத் தெரியாது. கடிகாரம் காசு போட்ட நொடியில் தொடங்கிவிடும். 90 நிமிஷம் முடிந்ததும் ரிலே திறந்து கரண்டைத் துண்டித்துவிடும், மெஷின் துவைத்துக்கொண்டிருந்தாலும் சரி.

எல்லா லாண்டரி அறையும் இப்படி இருக்காது. இன்னொரு வகையில் மெஷினுக்கு எப்போதும் கரண்ட் இருக்கும். பேனல் அதன் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு ஓடலாம் என்று ஒரு சைகை மட்டும் அனுப்பும். அங்கே ஒரு சலவை என்பது ஒரு சலவைதான். நிரல் எவ்வளவு நீளமானாலும் முடியும்வரை ஓடும். ஆனால் காசு போட்டபின் சில நிமிஷங்களுக்குள் ஸ்டார்ட் அழுத்தாவிட்டால் அனுமதி காலாவதியாகிவிடும். புதிய ஊருக்குப் போகிறவர்கள் இரண்டில் எது என்று தெரிந்துகொள்ள ஒரு எளிய வழி இருக்கிறது. காசு போடும் முன் மெஷினின் ஸ்விட்சை அழுத்திப் பாருங்கள். விளக்கு எரிந்தால் அது சைகை வகை. செத்துக் கிடந்தால் மின்சாரத்தைத் திறந்துவிடும் வகை, அதாவது உங்கள் நேரம் பேனலில் ஓடும் வகை.

கம்பியிலிருந்து தொடங்கிய விளக்கம்

12.03க்கு இருவரும் அறைக்குள் போனார்கள். அக்கா பேனலைத் தொடவில்லை. முதலில் சின்னவளின் கையிலிருந்த அட்டையை நுழைத்து மீதியை மட்டும் பார்க்கச் சொன்னார். 0.90.

"சரி, காசு கழிஞ்சிருக்கு. பேனல் தன்ர வேலையைச் செய்திட்டுது. நாலு belegt எண்டும் சொல்லுது. அப்ப எங்கயோ ஒரு சாக்கெட்டில கரண்ட் வந்திருக்க வேணும்."

பிறகு மேல்விளக்கை அணைக்கச் சொன்னார். சின்னவளுக்கு எதற்கென்று புரியவில்லை. அணைத்தபின், வரிசையில் இரண்டாவதாக இருந்த மெஷினின் திரையில் மங்கலாகப் பச்சை எழுத்து தெரிந்தது. அதில் துணி இல்லை. கதவு பாதி திறந்திருந்தது. யாரும் அதற்குக் காசு போடவில்லை.

"இஞ்ச பாரும். உம்மட காசு இஞ்சதான் இருக்கு."

"அது ரெண்டாம் நம்பர் மெஷின்க்கா. நான் நாலுதான் போட்டேன்."

"மெஷினில ஒட்டியிருக்கிற நம்பரை விடும். வயர் எங்க போகுதெண்டு பாப்பம்."

விளக்கைப் போட்டுவிட்டு மெஷினுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்கள். 2 என்று ஸ்டிக்கர் ஒட்டிய மெஷினின் ப்ளக் சொருகியிருந்த சாக்கெட்டின் மூடியில், தேய்ந்துபோன கறுப்பு மையில் 4 என்று எழுதியிருந்தது. அந்த அறையில் சாக்கெட்டுகள் மெஷின் வரிசைப்படி இல்லை; பழைய கட்டடத்தில் எங்கே கம்பி வந்ததோ அங்கே வைத்திருக்கிறார்கள். 4 என்று ஒட்டியிருந்த மெஷினின் பின்னால் இருந்த சாக்கெட்டில் 2 என்று இருந்தது. ஸ்டிக்கரின் எண்ணும் சுவரின் எண்ணும் ஒன்றுக்கொன்று மாறியிருந்தன.

அறைக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்ததைச் சின்னவள் வரும்போதே பார்த்திருந்தாள். `Maschine 2 und 4 wieder in Betrieb`. ஜெர்மன் இன்னும் பிடிபடாததால் கடந்து வந்துவிட்டாள். 2, 4 இரண்டும் மறுபடி ஓடுகின்றன என்பதுதான் செய்தி. அடைத்துக்கொண்ட வடிகாலைச் சரிசெய்ய ஹவுஸ்மைஸ்டர், அதாவது கட்டடத்தைப் பார்த்துக்கொள்பவர், வெள்ளிக்கிழமை இரண்டு மெஷினையும் வெளியே இழுத்திருக்கிறார். திரும்ப வைக்கும்போது இடம் மாறிவிட்டது. இரண்டும் ஒரே மாதிரி மெஷின். ஸ்டிக்கரைத் தவிர வித்தியாசம் ஒன்றுமில்லை. அக்கா அந்தத் தாளைப் படித்துக் காட்டியதும்தான் காரணம் முழுதாகப் பொருந்தியது.

வேறு என்னவாக இருந்திருக்கலாம் என்பதையும் அவர் சொல்லியிருக்கிறார். இருட்டில் ஒரு மெஷினும் எரியாமல் இருந்திருந்தால், ஃபியூஸ் விழுந்திருக்கலாம், ரிலே ஒட்டாமல் போயிருக்கலாம், ப்ளக் தளர்ந்திருக்கலாம். அப்போது ராத்திரியில் செய்ய ஒன்றுமில்லை. படம் எடுத்துக்கொண்டு படுக்கப் போக வேண்டியதுதான். அட்டையில் 3.40 அப்படியே இருந்திருந்தால் பேனலே காசை வாங்கவில்லை, அநேகமாக அட்டையைச் சீக்கிரம் உருவியிருப்பாள் என்று அர்த்தம். மீதியைப் பார்ப்பது, பிறகு எரியும் விளக்கைத் தேடுவது என்ற இந்த இரண்டு படியிலேயே கோளாறு பேனலுக்கு முன்னாலா பின்னாலா என்று தெரிந்துவிடுகிறது.

சின்னவள் எனக்குச் சொன்னதில் எனக்குப் பிடித்த இடம் இதற்கு அடுத்தது. அக்கா பேனலிலிருந்து சாக்கெட் வரை விரலால் காற்றில் ஒரு கோடு போட்டுக் காட்டியதும், அவள் தன் ஊர்ப் பேச்சில், "எங்க தோட்டத்துல மோட்டார் கிணத்துல இருக்கும், ஸ்டார்டர் வீட்டுத் திண்ணையில இருக்கும், அது மாதிரியாக்கா?" என்று கேட்டிருக்கிறாள்.

"ஓம், அதேதான். பட்டனை அமத்தினா எந்த மோட்டார் ஓடுமெண்டு வயர்தான் முடிவெடுக்கும்."

அதற்குப் பிறகு அவளுக்கு ஒன்றும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. பேனலின் திரையில் வரும் ஒவ்வொரு ஜெர்மன் சொல்லையும் மொழிபெயர்த்து, இதற்குப் பின் இதை அழுத்து என்று ஒரு பட்டியல் கொடுத்திருந்தால், அடுத்த முறை பட்டியலில் இல்லாத ஒன்று நடக்கும்போது அவள் மறுபடி இருட்டில்தான் நின்றிருப்பாள். நானே புதியவர்களுக்கு அப்படித்தான் பட்டியல் கொடுத்து வந்தேன். கரண்ட் எங்கிருந்து எங்கே போகிறது என்று தெரிந்தவளுக்குத் திரையில் வரும் சொல் எதுவானாலும் அதன் இடம் புரிகிறது.

மிச்சமிருந்த 79 நிமிஷம்

காசு எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. ஆனால் கடிகாரம் நிற்கவில்லை. 11.52இல் தொடங்கிய 90 நிமிஷம் 1.22க்கு முடியும். 12.03 ஆகியிருந்ததால் 11 நிமிஷம் ஏற்கெனவே வீண், மிச்சம் 79.

துணியை எரிகிற மெஷினுக்கு மாற்றினார்கள். சோப்புத்தூளைப் பழைய மெஷினின் தட்டிலிருந்து முழுதாக எடுக்க முடியவில்லை; கொஞ்சம் புதிதாகப் போட்டார்கள். சின்னவள் கதவைச் சாத்தி ஸ்டார்ட் அழுத்தப் போனாள். அக்கா கையைப் பிடித்துத் தடுத்தார்.

"பொறும். திரையில என்ன நேரம் காட்டுது?"

3:19 என்று இருந்தது.

குமிழ் `eco 40-60` என்ற நிரலில் நின்றது. 2021 மார்ச் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்பனைக்கு வரும் வீட்டு மெஷின்களில் இந்த நிரல் கட்டாயம் இருக்க வேண்டும். 40 டிகிரியிலும் 60 டிகிரியிலும் துவைக்கக்கூடிய பருத்தித் துணிகளைச் சேர்த்துப் போடுவதற்கானது. மின்சாரம் மிச்சம் என்பது உண்மை. தண்ணீரைக் குறைவாகச் சூடாக்கி, அதற்கு ஈடாக அதிக நேரம் புரட்டுகிறது, அதனால்தான் முழு சுமைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேலும் போகிறது. வீட்டில் இது நல்ல நிரல். 90 நிமிஷத்துக்குக் கரண்ட் விற்கும் அறையில் இது முடியவே முடியாது. இவள் ஸ்டார்ட் அழுத்தியிருந்தால் 1.22க்குத் தொட்டியில் சோப்புத் தண்ணீரோடு மெஷின் நின்றிருக்கும். உள்ளே தண்ணீர் நிற்கும்போது கதவு திறக்காது. பேக்கரிச் சட்டைகள் காலையில் உள்ளேயேதான் கிடந்திருக்கும்.

அப்படி நின்றுவிட்டால் என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறாள். இப்போதைய மெஷின்கள் பெரும்பாலும் நின்ற இடத்தை நினைவில் வைத்திருக்கும். அதே சாக்கெட்டுக்கு மறுபடி காசு போட்டால் விட்ட இடத்திலிருந்து தொடரும். நீளமான நிரலை நிறுத்திவிட்டுத் தண்ணீரை இறக்கிப் பிழிய மட்டும் விடலாம், அதற்கும் கரண்ட் வேண்டும். 0.90 யூரோவில் இரண்டுமே நடக்காது.

அடுத்து `Pflegeleicht 40` என்ற நிரலுக்குக் குமிழைத் திருப்பினார்கள். எளிதில் துவையும் கலப்புத் துணிகளுக்கானது. 1:29 என்று காட்டியது. 89 நிமிஷம். காசு போட்ட உடனே தொடங்கியிருந்தாலும் இது மிக நெருக்கம்; இப்போது போதவே போதாது. `Kurz` என்ற பட்டனை அழுத்தியதும் 0:59 ஆகக் குறைந்தது.

"ஒரு மணித்தியாலம் தானே, காணும்" என்று அக்கா சொல்லிவிட்டு, கதவைத் திறந்து ஜீன்ஸ் இரண்டையும் துண்டையும் வெளியே எடுத்தார். இந்த வகை நிரலுக்குத் தொட்டி பாதிதான் நிறைய வேண்டும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. திரையில் காட்டும் நேரம் ஒரு மதிப்பீடுதான். கனமான ஈர ஜீன்ஸ் ஒரு பக்கமாகச் சேர்ந்துகொண்டால் மெஷின் பிழியத் தொடங்கி, ஆட்டம் கண்டு நிறுத்தி, துணியைப் பரத்தி மறுபடி முயலும். ஒவ்வொரு முயற்சிக்கும் சில நிமிஷம் கூடும். நுரை அதிகமானால் இன்னொரு முறை அலசும். அதனால் திரை சொல்லும் நேரத்தோடு குறைந்தது பத்து நிமிஷமாவது சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். அக்காவின் கணக்கு அதுதான்.

12.07க்கு ஸ்டார்ட் அழுத்தினார்கள். கதவுப் பூட்டு டக்கென்று விழுந்தது, தண்ணீர் ஏறும் சத்தம் கேட்டது. 59 நிமிஷம் சேர்த்தால் 1.06. 1.22 வரை 16 நிமிஷம் கையில். மெஷின் உண்மையில் 1.11க்கு நின்றது. இரண்டு தரம் போட்ட சோப்புத்தூளின் நுரைதான் அந்த ஐந்து நிமிஷத்தைச் சாப்பிட்டிருக்க வேண்டும் என்பது என் ஊகம். ஜீன்ஸையும் சேர்த்துப் போட்டிருந்தால் 16 நிமிஷம் போதியிருக்குமா என்பதில் எனக்குச் சந்தேகம்.

டிரையருக்கு 1.50 யூரோ. அட்டையில் இல்லை. அறைக்குள் காயப்போடலாமா என்று சின்னவள் கேட்டதற்கு அக்கா வேண்டாம் என்றிருக்கிறார். குளிர்காலத்தில் மூடிய அறையில் ஈரத்துணி தொங்கினால் சன்னலோரச் சுவரில் பூஞ்சை பிடிக்கும். வாடகை முன்பணத்தில் அதற்கு வெட்டு விழும். கட்டடத்தின் நிலவறையில் `Trockenraum` என்று ஒரு காயவைக்கும் அறை இருக்கிறது. கொடியும் காற்றோட்டமும் உண்டு, காசு கிடையாது. சட்டை இரண்டையும் அங்கே தொங்கவிட்டார்கள். காலையில் கையோரம் மட்டும் ஈரமாக இருந்ததாம், இஸ்திரி போட்டுக் காய்ந்துவிட்டது.

மறுநாள்

படுக்கப் போகும் முன் அக்கா நான்கு விஷயத்தை எழுதி எனக்கு அனுப்பியிருந்தார். எத்தனை மணிக்குக் காசு போட்டது, பேனலில் அழுத்திய எண், மெஷினில் ஒட்டியிருந்த எண், சுவரில் இருந்த எண். கூடவே ப்ளக்குகளின் படம் ஒன்று. மெஷின் ஓடவில்லை என்று மட்டும் எழுதும் புகாரில் இதில் ஒன்றுகூட இருக்காது. அதனால்தான் அப்படிப்பட்ட புகார்கள் வாரக்கணக்கில் இழுபடுகின்றன. பார்க்க வருபவர் மெஷினை ஓட்டிப் பார்ப்பார், அது ஓடும், அவர் போய்விடுவார். இந்தப் படத்தை ஹவுஸ்மைஸ்டரிடம் காட்டியதும் அவர் அன்று மதியமே ப்ளக்குகளை மாற்றிச் சொருகிவிட்டார்.

அதற்கு முந்தைய இரண்டு நாட்களில் எத்தனை பேருக்கு இது நடந்திருக்கும் என்று தேடிப் பார்த்தேன். பேனல் சனி, ஞாயிறில் 2க்கும் 4க்கும் காசு வாங்கியிருக்கிறது. ஒருவர் மட்டும் என்னிடம் வந்து, 2க்குக் காசு போட்டது போய்விட்டது, வேறு மெஷினில் மறுபடி போட்டேன் என்றார். இரண்டையும் இருவர் ஒரே நேரத்தில் பயன்படுத்தியிருந்தால் ஒருவர் காசில் மற்றவர் துணி துவைந்திருக்கும், யாருக்கும் தெரிந்திருக்காது. அவர்களுக்குள் நேர வித்தியாசம் இருந்திருந்தால் பின்னால் வந்தவரின் மெஷின் பாதியில் நின்றிருக்கும். அப்படி ஒரு புகார் சனிக்கிழமை இரவு வந்திருந்தது. மெஷின் கெட்டுவிட்டது என்று நினைத்து நான் அதைப் பழுதுப் பட்டியலில் எழுதியிருந்தேன். இப்போது பார்க்கும்போது அது பழுதாக இருக்க வாய்ப்பில்லை.

ப்ளக்கை மாற்றிச் சொருகியது போதாது என்பது என் கருத்து. அடுத்த முறை வடிகால் அடைக்கும்போது மெஷின்கள் மறுபடி வெளியே வரும். பேனலின் எண்ணுக்குக் கட்டுப்பட்டது சாக்கெட். மெஷின் வந்துபோகும் பொருள். ஆகவே எண் இருக்க வேண்டிய இடம் சுவர், அதுவும் மெஷினுக்குப் பின்னால் மறைந்த மூடியில் இல்லாமல், அந்தச் சாக்கெட்டின் கம்பி வந்து சேரும் மெஷினுக்கு மேலே, கண்ணில் படும் உயரத்தில். மெஷினில் ஸ்டிக்கரே வேண்டாம். சைகை வகைப் பேனலுக்கு மாறினால் நேரச் சிக்கல் தீரும் என்று நிர்வாகத்தில் ஒருவர் சொன்னார். அது சரிதான். ஆனால் அங்கேயும் சைகைக் கம்பி தவறான மெஷினில் சொருகப்பட்டால் இதே கதைதான் நடக்கும்; ஆகவே சுவரில் எண் எழுதும் வேலை அப்போதும் மிச்சமிருக்கும்.

துவைக்கும் ஐந்து மெஷினுக்கும் மேலே இப்போது எண் எழுதியாகிவிட்டது. ஒவ்வொரு எண்ணையும் பேனலில் அழுத்தி, எந்த விளக்கு எரிகிறது என்று அறையை இருட்டாக்கிப் பார்த்த பிறகே எழுதினோம். அழுத்தியது நான், விளக்கு எது என்று சொன்னது சின்னவள். கதவருகே புதிதாக ஒட்டியிருக்கும் தாளில் மூன்று மொழியில் இரண்டே வரி: காசு போட்ட நொடியிலிருந்து 90 நிமிஷம், `eco 40-60` இங்கே முடியாது. டிரையர்கள் மூன்றும் இன்னும் பாக்கி. அவற்றின் சாக்கெட்டுகள் காற்றுக்குழாய்க்குப் பின்னால் இருக்கின்றன, குழாயைக் கழற்ற ஹவுஸ்மைஸ்டர் வர வேண்டும். அதுவரை 6, 7, 8க்குக் காசு போடுபவர்கள், எண்ணை அழுத்தியபின் எந்த டிரையரில் விளக்கு வருகிறது என்று பார்த்துவிட்டுத் துணியைப் போடுவது நல்லது.